வருடத்துக்கு அறுநூறு நாள்

திருத்தணி பேருந்து நிலையத்துக்கு எதிரே, பரணிதரனின் பேக்கரியில் கிடக்கும் பெஞ்சு என்னுடையது. பட்டா இல்லை, அவ்வளவுதான். மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக ஓய்வு பெற்ற நாளிலிருந்து, அதாவது ஒரு நூற்றெட்டு வருடமாக, மாலை நான்கு மணிக்கு வந்து ஏழு வரை உட்கார்ந்திருப்பேன். வீட்டில் சத்தம் போடுவதற்கு மிக்சி மட்டும்தான் இருக்கிறது.

பரணிதரனும் அவர் மனைவி பிரபாவதியும் பெரிய ஓவன் வாங்க யோசித்தார்கள். அது நிற்க வேண்டுமானால் அடுப்பறைத் தடுப்பை முன்னால் தள்ளவேண்டும். தள்ளினால் பெஞ்சுக்கு இடமில்லை.

பிரபாவதி நோட்டை விரித்தாள். "நைனா, கரண்டு செலவு நீங்க போட்டதுதான். மீதியும் பாருங்க."

ஓவனும் மும்முனை இணைப்பும் நான்கு லட்சம். பத்து வருடம் உழைக்கும். கூடுதலாகச் சுடுவது விற்றுப்போகும் நாளில் ஆயிரத்து ஐந்நூறு வரும். மாவு, சர்க்கரை, எண்ணெய் போக அறுநூறு நிற்கும். மின்சாரத்துக்கு இருநூற்றைம்பது போனால் கையில் முந்நூற்றைம்பது. பராமரிப்பு மட்டும், ஓடினாலும் ஓடாவிட்டாலும், வருடத்துக்குப் பதினைந்தாயிரம்.

"வருஷத்துல எத்தினி நாளு விக்கும், அதான் தெரியல," என்றார் பரணிதரன். "பில்லு புக்குல வித்தது இருக்குது. பன்னு இல்லன்னு திருப்பி அனுப்புனது இல்லியே."

அது என் மண்டையில் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து வேறென்ன எண்ணுவது? ஆறு மணிக்கே தட்டு காலியாகி, திருப்பதி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் வெறுங்கையோடு போன நாட்கள் போன வருடம் முந்நூறு.

"நைனாவ கேளு, பாத்துகினேதான இருக்காரு," என்றார்.

"கேக்கறேன். ஆனா சொல்றதுல பாதிதான் எழுதுவேன். போன கிருத்திகைக்கு மலை மேல பத்து கோடி பேருன்னவரு."

உண்மையைச் சொன்னால் நூற்றைம்பது என்று எழுதுவாள். பராமரிப்பு போக வருடத்துக்கு முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு, பத்து வருடத்துக்கு மூன்றே முக்கால் லட்சம். ஓவன் விலையே தேறாது. பெஞ்சு பிழைக்கும். பிறந்ததிலிருந்து முதல்முறையாக, உண்மை பேசியே ஒரு காரியத்தைச் சாதிக்கலாம்.

பரணிதரன் என் டீயை வைத்தார். சர்க்கரை பாதி, கேட்காமலே.

"அறுநூறு நாள்," என்றேன்.

"வருஷத்துக்கா?"

"ஆங்."

சிரித்துக்கொண்டே முந்நூறு என்று எழுதினாள். வருடத்துக்குத் தொண்ணூறாயிரம், பத்து வருடத்தில் ஒன்பது லட்சம். ஓவன் விலை போக ஐந்து லட்சம் மிச்சம்.

ஓவன் வந்த வண்டியிலேயே பெஞ்சை என் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். இப்போதெல்லாம் ஏழு மணிக்கும் தட்டில் பன் இருக்கிறது. நான் நின்றபடி நான்கு நிமிடத்தில் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

வீட்டில் பெஞ்சின் ஓரத்தில்தான் உட்காருகிறேன். மீதியில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம்.