காலாவதியான பதினெட்டு டியூப்

ஆண்டுக் கணக்கு முடிக்க வேண்டுமென்று சலூனை அன்று மதியத்தோடு மூடியிருந்தார்கள். அக்காவும் தங்கையும் பாதிக்குப் பாதி பங்காளிகள். இந்தக் கணக்கு முடிந்ததும் தங்கை தன் பங்கை வாங்கிக்கொண்டு விலகுகிறாள். புதுக்கடைக்கு முன்பணம் அதிலிருந்துதான் தர வேண்டும்.

விற்பனைக்கான ஷாம்பு பாட்டில்களை எண்ணியாகிவிட்டது. கணக்காளர் அவற்றுக்கு வாங்கிய விலையைப் போட்டார். திறந்து பாதி பயன்படுத்தியவை செலவோடு சேர்ந்துவிடும். அவற்றுக்கு மதிப்பு இல்லை.

சாயம் இருந்த அலமாரிக்கு வந்தபோது, பின்வரிசையில் அடர்பழுப்புச் சாயம் பதினெட்டு டியூப் இருந்தது. எல்லாம் காலாவதி.

"இதைக் கையிருப்புல காட்ட முடியாது. நஷ்டமாத் தள்ளிடணும்," என்றார் கணக்காளர். "லாபம் அந்த அளவுக்குக் குறையும்."

அக்காவின் கணவர் நாற்காலியைச் சுழற்றித் திரும்பினார். "தள்ளுபடின்னு மொத்தமா அள்ளிட்டு வந்தது யாரு? அம்மணிதானே? அவ பங்குல கழிங்க."

"அத்தான், அந்தச் சாயம்தான் நம்ம கடையிலேயே அதிகம் போறது. உங்க மீசைக்கும் அதான்," என்றாள் தங்கை.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அதிகம் போறதுன்னா இது ஏன் போகல?" என்றார் அவர்.

கணக்காளருக்கும் அதே கேள்வி. முன்வரிசையில் அதே நிறம் ஆறு டியூப், தேதி நிறைய பாக்கி. "இது அப்புறமா வாங்கினது. இருபத்துநாலு வந்ததுல இவ்வளவுதான் மிச்சம். புதுசு தீர்ந்திருக்கு, பழசு அப்படியே கிடக்கு. முதல்ல தேதி முடியறதைத்தானே முதல்ல எடுப்பாங்க?"

தங்கை துணியால் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எண்ணி முடித்த ஆறு டியூபையும் அக்கா பழையபடி அடுக்கினாள். பழையதைப் பின்னுக்குத் தள்ளி, புதியதை முன்னால் வைத்தாள். கை பாதியில் நின்றது. சரக்கு வந்தால் பிரித்து அடுக்குவது எப்போதும் அவள்தான்; அவசரத்தில் கைக்கு எட்டியதைத்தான் எல்லோரும் எடுப்பார்கள்.

தங்கையைப் பார்த்தாள். அவள் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்த இடத்தையே.

"உனக்குத் தெரியுமாடி?"

"போன மாசம்தான் கவனிச்சேன். அதுக்குள்ள தேதி போயிடுச்சு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"கிளம்பற நேரத்துல குத்தம் சொல்லிட்டுப் போறாளேன்னு நினைப்பே."

அக்கா கணக்காளரிடம் திரும்பினாள். "அடுக்கினது நான்தான் சார். புதுசை முன்னாடி வச்சே பழகிட்டேன். அவ பங்குல கை வைக்காதீங்க. என் பங்குல எழுதுங்க."

"நீ ஏன்..." என்று ஆரம்பித்த கணவர் அவள் பார்வையில் அடங்கினார்.

"வேண்டாம்," என்றாள் தங்கை. "கடை நஷ்டம் கடை நஷ்டம்தான். பாதிப் பாதியா எழுதுங்க சார். முன்பணத்துக்குக் கொஞ்சம் இடிக்கும், சமாளிச்சுக்கறேன்."

"எவ்வளவு இடிக்குதோ அதை நான் தர்றேன்," என்றாள் அக்கா. "கடனா இல்ல."

கணக்காளர் பதினெட்டு டியூபையும் படம் எடுத்து, தனிப் பெட்டியில் போட்டு ஒட்டினார். தங்கை அதன்மேல் 'பயன்படுத்த வேண்டாம்' என்று பெரிதாக எழுதினாள்.