பணிவான நினைவூட்டல்

கடிதத்தை அக்கா மூன்றாவது முறையாகத் திருத்திக்கொண்டிருந்தாள். தம்பி அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று கணினித் திரையை எட்டிப் பார்த்தான். ஐந்து லாரிக்கும் அவன்தான் முதலாளி. லாரி ஆபீஸில் அக்காவிடம் மட்டும்தான் அவன் குரல் இறங்கும்.

"என்னக்கா இது, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு? எழுபது நாள் ஆச்சு. நாலு லட்சத்துச் சொச்சம். நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டா என்ன?"

"நறுக்குன்னு கேட்டா பணம் வரும், அடுத்த லோடு வராது. நீ போய் டீ குடி."

அவன் போகவில்லை. முணுமுணுத்துக்கொண்டே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். அக்கா எழுதியது இதுதான்:

'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நிறுவனத்தின் தரை ஓடுகளை ஏற்றிச் சென்ற வகையில் கீழ்க்கண்ட ஆறு பில்கள் நிலுவையில் உள்ளன. பில்லும், சரக்கு இறக்கிய இடத்தில் கையெழுத்தும் சீலும் பெற்ற டெலிவரி காப்பியும் கிடைத்த நாளிலிருந்து நாற்பத்தைந்து நாட்களுக்குள் பணம் தருவதென்று நமது ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு கூறுகிறது. ஆட்சேபணை இருந்தால் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது ஐந்தாம் பிரிவு. அப்படி எதுவும் எங்களுக்கு வரவில்லை. வேலைப் பளுவில் இது தங்கள் கவனத்திலிருந்து தப்பியிருக்கலாம். தாங்கள் ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் இக்கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.'

"அனுப்பியிருந்தா நமக்குத் தெரியாதா?" என்றான் தம்பி.

"அது மரியாதைக்கு எழுதுறதுடா."

மரியாதை எல்லாம் சரிதான். ஆனால் அக்கா காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்தது வேறொரு தேதி. வரும் சனிக்கிழமை இரண்டு லாரிகளுக்கு இன்ஷூரன்ஸ் முடிகிறது. கட்டாவிட்டால் இரண்டும் ஷெட்டில் நிற்கும். அதில் ஒன்று சித்தப்பா ஓட்டுவது. அவருக்கு லாரி ஒருநாள் நின்றாலே உடம்புக்கு முடியாமல் போய்விடும். இந்த ஆறு பில் பணம் வந்தால்தான் கட்ட முடியும். திங்கட்கிழமை காலை கடிதம் ஈமெயிலிலும் போனது, சீல் போட்டுத் தபாலிலும் போனது.

மறுநாளே ஓடு கம்பெனியின் பில் செக்‌ஷனிலிருந்து போன் வந்தது. பேசியது அங்கே பில் பார்க்கிற பெண். அக்காவோடு நாலு வருஷமாக போனில் மட்டுமே பழக்கம். பில் விஷயத்தில் தொடங்கி மாமியார் விஷயத்தில் முடிகிற பழக்கம்.

"அக்கா, நேர்ல ஒரு தடவை வர முடியுமா? போன்ல சொல்ற விஷயம் இல்ல."

அக்கா பஸ் பிடித்துப் போனாள். பில் செக்‌ஷன் என்பது நாலு மேஜை, ஒரு மின்விசிறி, சுவர் முழுக்க ஃபைல். அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கீழ் டிராயரைத் திறந்தாள். ஆறு டெலிவரி காப்பிகளை எடுத்து மேஜையில் வைத்தாள். ஆறும் பளபளவென்று லாமினேஷன் செய்யப்பட்டிருந்தன. மூலை மடங்காமல், குமிழ் விழாமல், அருமையான வேலை.

அக்கா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யார் பண்ணது இது?"

"உங்க சித்தப்பாதான்க்கா. லோடு ஏத்த வர்றப்போ அவரே என் கையில குடுத்துட்டுப் போவார். 'பாரும்மா, இனிமே தண்ணியே ஊத்துனாலும் ஒண்ணும் ஆகாது'ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்வார். அவ்வளவு சந்தோஷம் மூஞ்சில."

அவள் மேஜை மேலிருந்த, 'வந்து சேர்ந்தது' என்று குத்துகிற வரவு சீலை எடுத்து ஒரு காப்பியின் மேல் குத்திக் காட்டினாள். பிறகு விரலால் தேய்த்தாள். மை அப்படியே விரலோடு வந்துவிட்டது. இந்தக் கம்பெனியில் டெலிவரி காப்பி மேல் வரவு சீல் விழுந்து, அதற்கு மேல் கையெழுத்தும் விழுந்தால்தான் பில் நகரும். சீல் நிற்காத காப்பியை ஆடிட்டர் தொடக்கூட மாட்டார்.

"ஒண்ணை மட்டும் பிரிச்சுப் பார்க்கலாம்னு பிளேடு வெச்சேன். சரக்கு எறக்குன கடைக்காரர் கையெழுத்து பிளாஸ்டிக்கோட கிழிஞ்சு வந்துடுச்சு. அதோட கையை எடுத்துட்டேன். திருப்பி அனுப்பியிருக்கணும். அவர் மூஞ்சியை நினைச்சா மனசு வரல. டிராயர்ல வெச்சுட்டு நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம்னு... இப்ப உங்க லெட்டரை மேனேஜர் படிச்சுட்டார். ஏழு நாள்ல ஏன் எழுத்துல சொல்லலன்னு கேக்கப் போறார்."

ஆறு பில்லும் சித்தப்பா ஓட்டுகிற அந்த ஒரே லாரியுடையவை. கடிதத்தில் வரிசையாக எழுதியபோது அது அக்காவின் கண்ணில் பட்டிருக்க வேண்டும். படவில்லை. பில் தயாரிப்பது அவள். காப்பியைக் கொண்டுபோய்க் கொடுப்பது சித்தப்பா. நடுவில் அவர் ஒரு லாமினேஷன் கடைக்குள் நுழைந்து வந்ததை யார் கண்டார்கள்?

அக்கா கணக்குப் போட்டாள். ஐந்தாம் பிரிவைக் கையில் பிடித்துக்கொண்டு மேனேஜரிடம் போனால் ஜெயித்துவிடலாம். பணமும் வரும். இந்தப் பெண்ணுக்கு ஒரு மெமோவும் வரும். தவறு எங்கள் பக்கம் என்று ஒப்புக்கொண்டாலோ, சரியான காப்பி கிடைத்த நாளிலிருந்து நாற்பத்தைந்து நாள் என்று புதிதாக எண்ணத் தொடங்குவார்கள். சனிக்கிழமை இரண்டு லாரியும் ஷெட்டில் நிற்கும்.

மேனேஜர் அறைக்குள் இருவரும் போனார்கள். அக்கா நிற்கும்போதே சொல்லிவிட்டாள்.

"சார், டெலிவரி காப்பியில எங்க பக்கம் ஒரு தப்பு நடந்துருக்கு. எங்க டிரைவர் லாமினேஷன் பண்ணிட்டார். சீல் நிக்கல."

நாலு லட்சம் வாயைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"அப்ப நாப்பத்தஞ்சு நாள் இனிமேதானே ஆரம்பிக்கும்?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார்," என்றது பின்னாலிருந்து குரல். "காப்பி அன்னன்னிக்கே வந்துடுச்சு. நான்தான் ஏழு நாளுக்குள்ள திருப்பி அனுப்பல. ரெண்டு மாசமா என் டிராயர்ல இருக்கு."

மேனேஜர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருத்தியை ஒருத்தி காப்பாற்றப் போட்டி போடுகிற இரண்டு பெண்களை அவர் அந்த அறையில் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். கடிதத்தை எடுத்து இன்னொரு முறை படித்தார்.

"சரக்கு எறக்குன ஆறு கடையிலயும் அவங்க காப்பி ஒண்ணு இருக்கும். அதை ஜெராக்ஸ் எடுத்து, புதுசா சீலும் கையெழுத்தும் வாங்கிட்டு வாங்க. ஒரு விளக்கக் கடிதமும் வேணும். வியாழக்கிழமை சாயந்தரத்துக்குள்ள வந்தா வெள்ளிக்கிழமை பேமெண்ட்ல போட்டுடறேன். வரலைன்னா அடுத்த மாசம்தான். உனக்கு மெமோ கிடையாது, ஆனா அந்த டிராயரைக் காலி பண்ணு."

வெளியே வந்ததும் அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு வருஷப் பழக்கத்தில் அப்போதுதான் இருவரும் முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்துச் சிரித்தார்கள்.

சிரிப்பு பஸ் ஸ்டாப் வரைக்கும்தான் தாங்கியது. சித்தப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது? முப்பது வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிற மனுஷர். அண்ணன் பிள்ளைதானே என்று பார்க்காமல் தம்பியை முதலாளி என்று ஊர் முன்னால் கூப்பிடுகிறவர்.

ஆபீஸில் முதலில் தம்பியிடம் சொன்னாள். அவன் எகிறிக் குதித்தான்.

"லாமினேஷனா? யாரு பண்ணச் சொன்னா அவரை? மூளை கீளை இருக்கா? நாலு லட்சத்தைக் கண்ணாடி போட்டு மாட்டி வெச்சிருக்காரு."

"யாரு சொன்னாங்கன்னு தெரியாதா உனக்கு?" என்றாள் அக்கா. "போன மழையில ஒரு காப்பி நனைஞ்சு கையெழுத்து அழிஞ்சு போச்சு. அந்த பில்லுல கம்பெனி பாதியைப் பிடிச்சுட்டாங்க. ஷெட்டுல எல்லா டிரைவரும் நிக்க, 'ஒரு தாளைக் காப்பாத்தத் தெரியல, நீங்க என்னத்த லாரி ஓட்டுறீங்க'ன்னு கத்துனது யாரு?"

தம்பி மேஜைமேல் கிடந்த பில்களைப் புரட்ட ஆரம்பித்தான்.

"அதுக்கப்புறம்தான் அவர் கைக்காசைப் போட்டு பண்ண ஆரம்பிச்சிருக்கார். நம்மகிட்ட ஒரு பைசா கேக்கல."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

"எந்தெந்தக் கடைன்னு எழுதிக் குடும்மா," என்றார் அக்காவிடம்.

"சித்தப்பா, நான் போன்ல சொல்லி..."

"போன்ல சொன்னா சீல் வராது. எழுதிக் குடு."

சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். தம்பி அவர் பின்னாலேயே வாசல்வரை போனான். அவர் பைக் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தான்.

புதன் முழுக்க அவரிடமிருந்து சத்தமே இல்லை. வியாழன் மத்தியானம் வந்தார். இரண்டு நாள் தாடி, கசங்கிய சட்டை. ஆறு காப்பிகளையும் ஒரு பழைய ஃபைலில் கசங்காமல் வைத்திருந்தார். ஒரு கடைக்காரர் தம் மகளைப் பார்க்க வெளியூர் போயிருந்தாராம். அங்கேயே தேடிப் போய்க் கையெழுத்து வாங்கியிருக்கிறார்.

அக்கா விளக்கக் கடிதத்தைத் தயாராக வைத்திருந்தாள். 'எங்கள் அலுவலகத்தில் நேர்ந்த கவனக்குறைவால்' என்று தொடங்கியிருந்தாள். சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்தார்.

"இது பொய்யும்மா. ஆபீஸ் என்ன பண்ணுச்சு? டிரைவர் பண்ணதுன்னு எழுது. என் பேரையும் போடு."

"அதெல்லாம் வேண்டாம் சித்தப்பா."

"வேற லெட்டர் இருக்கு," என்றான் தம்பி.

அவன் ஒரு தாளை நீட்டினான். அந்த ஆபீஸில் அவன் எழுதிய முதல் கடிதம் அதுவாகத்தான் இருக்கும். இரண்டு விரலால் தட்டித் தட்டி எப்போது அடித்தானோ. அக்கா எட்டிப் படித்தாள்.

'ஐயா, டெலிவரி காப்பிகள் கெட்டுவிடக் கூடாதென்று எங்கள் மூத்த ஓட்டுநர் தம் சொந்தச் செலவில் அவற்றுக்கு லாமினேஷன் செய்திருக்கிறார். முன்பு ஒரு காப்பி மழையில் நனைந்தபோது நான் அவரை எல்லோர் முன்னிலையிலும் கடுமையாகப் பேசினேன். அவர் பயந்து இப்படிச் செய்ததற்கு நானே காரணம். தவறு என்னுடையது. அவரிடமும் தங்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.'

கீழே கையெழுத்து, கம்பெனி சீல். சீல் கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தது.

சித்தப்பா படித்து முடித்தார். மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதைக் கம்பெனியில நாலு பேரு படிப்பாங்களே முதலாளி."

"படிக்கட்டும் சித்தப்பா. அன்னிக்கு நான் கத்துனதையும் நாலு பேரு கேட்டாங்கல்ல?"

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். அழுதால் இரண்டு ஆண்களும் சேர்ந்து அவளைக் கேலி செய்வார்கள். தான் எழுதிய கடிதத்தை மடித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். மூன்று முறை திருத்தி மரியாதை மரியாதையாக எழுதுகிற தன்னால் இப்படி ஒரு கடிதம் எழுத வராது என்று அவளுக்குத் தெரிந்தது.

"நேரமாகுதே, நீங்க கொண்டு போறீங்களா, நான் போகட்டுமா?" என்றான் தம்பி.

"ரெண்டு பேரும் போவோம்," என்றார் சித்தப்பா. "பைக்கை நான் ஓட்டறேன். நீ பின்னால உக்காந்து அந்தத் தாளைப் பத்திரமா பிடிச்சுக்கடா."

தம்பி முதலாளியான ஒன்பது வருஷத்தில் அவர் அவனை 'டா' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தம்பி ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.