ஏழாம் எண் ஜாடி

அண்ணன் செய்த கருவிக்காக நான் எழுதிய வீடியோ ஸ்க்ரிப்ட் இப்படித் தொடங்கியது: "யாரும் பரிதாபப்பட வேண்டாம். பயன்படும் என்று தோன்றினால் விலை கொடுத்து வாங்குங்கள்." இந்த இரண்டு வரிக்கு எனக்கு நான்கு நாள் பிடித்தது. வெட்டி எறிய அண்ணிக்கு நான்கு நொடி பிடித்திருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து என் வலது கை செத்துப்போனது. இடது கையால் எழுதப் பழகினேன், தலை வாரப் பழகினேன், அண்ணனைக் குட்டவும் பழகினேன். சின்னக் கம்பெனிகளுக்கு விளம்பர வீடியோ எழுதுவது என் பிழைப்பு. தட்டச்சுக்கு ஒரு கை போதும். நான் தோற்றது ஜாடி மூடியிடம் மட்டும்தான். ஒரு கை பிடிக்க வேண்டும், இன்னொரு கை திருக வேண்டும். என்னிடம் பிடிக்கிற கை இல்லை.

அண்ணன் லேத் பட்டறை வைத்திருக்கிறான். ஒருநாள் வந்து என் சமையல் மேடையில் நான்கு திருகு போட்டு ஒரு கருவியைப் பொருத்தினான். ரப்பர் ஒட்டிய இரண்டு தாடைகள். ஜாடியை நடுவில் வைத்து மூடியைத் திருகினால், திருகத் திருகத் தாடைகள் ஜாடியைத் தாமாகவே இறுக்கிக்கொள்ளும். அன்றைக்கு வீட்டிலிருந்த ஏழெட்டு ஜாடிகளையும் திறந்து திறந்து மூடினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

இதை ஐந்நூறு பேருக்குச் செய்து தரலாமே என்று யோசனை வந்தது. முன்பணம் போட ஆள் இல்லை. இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டும் தளம் ஒன்றில் போடலாம் என்று முடிவு செய்தோம். கேட்கிற தொகை முப்பது நாளில் முழுசாகச் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். சேராவிட்டால் யாருடைய பணமும் எடுக்கப்படாது. பணம் போட்டவர்கள் கடைசி நாள் வரை விலகிக்கொள்ளலாம். வீடியோவை எழுதுவது நான், எடுப்பது அண்ணி. அண்ணி கல்யாண வீடியோ எடுக்கிறவர். எந்தக் கல்யாணமாக இருந்தாலும் பெண்ணை அழவைத்து, அதை மெதுவாக ஓடவிட்டு, பின்னால் வயலின் போடாமல் விடமாட்டார்.

பட்டறை மேஜையில் மூன்று பேரும் உட்கார்ந்து ஸ்க்ரிப்டைப் பேசினோம். இரண்டரை நிமிஷம், அதற்கு மேல் யாரும் பார்க்க மாட்டார்கள். முதல் பத்து நொடியில் கருவி வேலை செய்வது தெரிய வேண்டும். பிறகு நாங்கள் யார், எதுவரை செய்து முடித்திருக்கிறோம், எது இன்னும் சரியாகவில்லை, பணம் எதற்கு, போடுகிறவருக்கு என்ன கிடைக்கும்.

"டி-ஷர்ட் ஒண்ணு குடுக்கலாம். எல்லாரும் குடுக்கறாங்க," என்றான் அண்ணன்.

"நீ என்ன தையல்காரனா? தபால் செலவுலயே பாதி போயிரும். கருவிய குடு, போதும்."

எவ்வளவு போட்டால் என்ன கிடைக்கும் என்ற படிகளை நான்கோடு நிறுத்தினேன். முந்நூறு போட்டால் நன்றியும், வீட்டிலேயே செய்து பார்க்க வரைபடமும். ஆயிரத்து ஐந்நூறுக்கு ஒரு கருவி. அதுவே முதல் நூறு பேருக்கு மட்டும் ஆயிரத்து முந்நூறு. இரண்டாயிரத்து எண்ணூறுக்கு இரண்டு. மூவாயிரத்துக்கு உங்களுக்கு ஒன்று, நான் படுத்திருந்த ஆஸ்பத்திரியின் பக்கவாத வார்டுக்கு ஒன்று. வார்டு நர்ஸிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகுதான் அந்தப் படியை எழுதினேன்.

கேட்பதையும் உடைத்துச் சொன்னேன். "எங்களுக்கு எட்டு லட்சம் வேண்டும். நான்கு லட்சம் அச்சு வார்ப்புக்கு. இரண்டரை, ஐந்நூறு கருவிகளின் பொருளுக்கும் கூலிக்கும். ஒன்று, பெட்டிக்கும் தபாலுக்கும். மீதி அரை லட்சம் தளத்தின் கட்டணம். ஆறு மாதத்தில் அனுப்புவோம். அச்சு முதல் தடவை சரியாக வராவிட்டால் எட்டு மாதம் ஆகலாம். மிகவும் இறுகிப்போன மூடியில் ரப்பர் வழுக்குகிறது. அதை இன்னும் நாங்கள் சரிசெய்யவில்லை."

"கடைசி வரி எதுக்கு? நம்ம வாயால நாமளே கெடுத்துக்கறதா?" என்றார் அண்ணி.

"வாங்கினவங்க வாயால கேக்கறதுக்கு இது தேவல, அண்ணி."

அண்ணன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நான் நம்பினேன்.

சோதனைக்கென்று ஏழு ஜாடிகள் வைத்திருந்தோம். அடியில் மார்க்கரால் எண் போட்டது நான், இடது கையால். என் எண்கள் எல்லாம் குடித்துவிட்டு நிற்பது போலக் கோணலாக இருக்கும். ஒன்று முதல் மூன்று வரை வீட்டில் மூடுகிற சாதாரண மூடி. நான்கு முதல் ஆறு வரை கொஞ்சம் இறுக்கம். ஏழாம் எண்ணை அண்ணன் பட்டறை வைஸ் இடுக்கியில் வைத்து, பட்டை ரென்ச் போட்டு இறுக்கியிருந்தான். எந்த இடத்தில் கருவி தோற்கிறது என்று பார்க்கத்தான் அது. அதைத் திறக்க இரண்டு கை உள்ள பயில்வானாலும் முடியாது.

படப்பிடிப்பு என் சமையலறையில் நடந்தது. முக்கியமான காட்சியை ஒரே எடுப்பில் எடுத்தோம். அண்ணன் இரண்டாம் எண் ஜாடியை மூடித் தருகிறான், நான் வாங்கித் தாடையில் வைத்து, ஒரு கையால் திறக்கிறேன். அதற்கு மேல் ஓட என் குரலையும் பதிவு செய்தோம்: "இது ஒரே ஜாடி. நடுவில் வெட்டு இல்லை."

அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம் நடந்தது. அப்போது அது சின்ன விஷயம்தான்.

"லைட்டு சரியா இருக்கான்னு பாக்கறேன். சும்மா அந்த ஜாடிய எடுத்து கையால தெற," என்றார் அண்ணி.

சும்மா திறப்பதெல்லாம் எனக்கு வராது. கையில் கொடுத்தால் திறந்தே தீருவேன். அக்குளில் இடுக்கிப் பார்த்தேன். முட்டிகளுக்கு நடுவில் வைத்துப் பார்த்தேன். பல்லால்கூடக் கடித்தேன். வேர்த்து மூச்சு வாங்கியது. கடைசியில், "போடா பன்னி!" என்று ஜாடியைத் திட்டிவிட்டுச் சிரித்தேன். அண்ணியும் சிரித்தார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீடியோ வெளியான காலையில் முதல் செய்தி சித்தியிடமிருந்து வந்தது. "பாத்து அழுதுட்டேன் கண்ணு." நான் எழுதிய ஸ்க்ரிப்டில் அழ என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே திறந்தேன்.

முதல் காட்சியில் நான். என் அக்குள், என் முட்டி, என் பல். மெதுவாக ஓடியது. வயலின் அழுதது. என் திட்டும் சிரிப்பும் இல்லை. அதற்கு ஒரு நொடி முன்னால், முகம் கோணி நிற்கும் இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஜாடியை முட்டிக்கு நடுவில் சாய்த்தபோது அதன் அடி கேமராவுக்குத் தெரிந்தது. அங்கே என் கையெழுத்தில் கோணலாக ஒரு 7.

படத்தை அங்கேயே நிறுத்திப் பார்த்தேன். லைட்டும் பார்க்கவில்லை, ஒன்றும் பார்க்கவில்லை. திறக்கவே முடியாத ஜாடியைத் தெரிந்தே என் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த காட்சியில் கருவி. இரண்டாம் எண் ஜாடி சுலபமாகத் திறக்கிறது. மேலே என் குரல்: "இது ஒரே ஜாடி. நடுவில் வெட்டு இல்லை." பார்க்கிறவர்களுக்கு, சற்றுமுன் நான் போராடிய ஜாடியே இப்போது திறந்த மாதிரி இருந்தது. என் வாயிலிருந்து வந்த உண்மையைத் தூக்கி வேறு இடத்தில் வைத்து என்னையே பொய்க்காரி ஆக்கிவிட்டார்கள். ரப்பர் வழுக்கும் என்ற வரி இல்லை. பரிதாபப்பட வேண்டாம் என்ற வரியும் இல்லை.

மூன்றே நாளில் எட்டு லட்சம் தாண்டியது. கீழே ஒரு பெண் எழுதியிருந்தார்: "என் கணவருக்கு இரண்டு கையிலும் பலம் இல்லை. அவ்வளவு இறுகின மூடியே திறக்கிறது என்றால் எங்களுக்குப் போதும். இரண்டு கருவி எடுத்திருக்கிறோம்." அதைப் படித்ததும் நேராகப் பட்டறைக்குப் போனேன்.

"நான் எழுதின வீடியோவ போடு. ஒரு நாள் டைம்."

"எட்டு தாண்டிருச்சு. இப்ப போய் மாத்துனா எல்லாரும் ஓடிருவாங்க," என்றான் அண்ணன்.

"ஏழாம் நம்பர மேடையில எடுத்து வச்சது யாரு?"

அவன் லேத்தை அணைத்தான்.

அண்ணிதான் பேசினார். "உன் ஸ்க்ரிப்ட் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ரேஷன் லிஸ்ட் மாதிரி இருந்துச்சு. மனசு இளகணும்ல? இதுல உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"அண்ணா, நீ சொல்லு."

"எல்லாம் உனக்காகத்தானே செஞ்சேன்," என்றான் அவன், என் முகத்தைப் பார்க்காமல்.

"கருவிய எனக்காக செஞ்ச. இத என்னை வச்சு செஞ்ச."

ஒரு நாள் போயிற்று. வீடியோ மாறவில்லை. பணம் போட்டவர்களுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதும் பொறுப்பு என்னுடையது; அதற்கான கடவுச்சொல் மட்டும் என்னிடம் இருந்தது. காலை வெளிச்சத்தில் கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து, ஒரே எடுப்பில் எடுத்தேன். முதலில் இரண்டாம் எண், திறந்தது. பிறகு பட்டறையிலிருந்து தூக்கிவந்த ஏழாம் எண். ரப்பர் வழுக்கி ஜாடி சுற்றியதே தவிரத் திறக்கவில்லை. கீழே எழுதினேன்: "வீடியோவில் இருப்பது நான். நான் திறக்க முடியாமல் தவித்தது இந்த ஏழாம் எண். கருவி திறந்தது இரண்டாம் எண். அவை ஒரே ஜாடி அல்ல. சாதாரண மூடியைத் தினமும் நான் இதில்தான் திறக்கிறேன். இரண்டு கையிலும் பலம் இல்லாதவர்களுக்கு இது உதவாது. ஒரு கையாவது திருக வேண்டும். இது தெரிந்த பிறகும் வேண்டும் என்றால் இருங்கள். வேண்டாம் என்றால் இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது, விலகிக்கொள்ளுங்கள்." அனுப்புவதற்கு முன் இன்னொரு தடவை படித்தேன். அவன் என் அண்ணன். சைக்கிளில் என்னைப் பள்ளிக்கூடம் கொண்டு விட்டவன். அழுத்திவிட்டேன்.

அன்றைக்கே பாதிப்பேர் போனார்கள். இரண்டு கருவி எடுத்த அந்தப் பெண், "சொன்னதற்கு நன்றி" என்று ஒரு வரி எழுதிவிட்டு விலகினார். பிறகு மெல்ல மெல்லப் புதியவர்கள் வந்தார்கள். கடைசி நாளில் ஆறு லட்சத்துத் தொண்ணூறாயிரம் நின்றது. எட்டு சேரவில்லை என்பதால் ஒரு பைசாகூடக் கைக்கு வரவில்லை. அண்ணி என் போன் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

பத்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வந்தான். கையில் ஸ்க்ரூடிரைவர்.

"வேற தளத்துல மறுபடி போடப்போறேன். பட்டறையில செஞ்ச மத்த ரெண்டு பீஸும் ஓடல. இது ஒண்ணுதான் ஓடற பீஸ்."

"ஸ்க்ரிப்ட்?"

"வேற ஆள் எழுதறாங்க."

நான் நகர்ந்து வழிவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. திருகுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மேடையில் நான்கு ஓட்டைகள் மிச்சம். பக்கத்தில், காலையில் கடையிலிருந்து வாங்கிவந்த காப்பித்தூள் ஜாடி, இன்னும் திறக்காதது. அவன் அதைப் பார்த்தான். கையை நீட்டினான்.

"தெறந்து வச்சுட்டு போகட்டுமா?"

"லைட்டு சரியா இருக்கான்னு மொதல்ல பாத்துக்கோ அண்ணா."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, கருவியை அக்குளில் இடுக்கியபடி படி இறங்கிப் போனான். நான் ஜாடியை எடுத்து முட்டிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.