முதலிடம் பிடித்த இஸ்திரிப்பெட்டி

ஆய்வகத்திலிருந்து வந்த அறிக்கை நாற்பது பக்கம். ஆறு இஸ்திரிப்பெட்டிகளை ஒப்பிட்டுச் சோதித்திருந்தார்கள். அதை எங்கள் நுகர்வோர் பத்திரிகைக்கு ஒரு பக்கமாகச் சுருக்குவது என் வேலை. எது முதல், எது கடைசி. எந்த நிலையில் சோதித்தார்கள். எங்கே நம்பக் கூடாது என்று சோதித்தவர்களே சொன்னது. மூன்றும் இருந்தால்தான் சுருக்கம். முதலாவது மட்டும் இருந்தால் அது விளம்பரம்.

மூன்றையும் எழுதினேன். சீரான மின்சாரத்தில், ஒரே அளவு ஈரமுள்ள பருத்தித் துணியில், ஒரு தடவைக்கு அரை மணி நேரம் தேய்த்துப் பார்த்தது. முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அளவீட்டுப் பிழைக்குள் அடங்குவதால் இரண்டும் ஏறக்குறைய சமம். கடைசிப் பத்தி இது: "முதலிடம் பெற்ற பெட்டியைக் கூடுதலாக ஒருமுறை ஓயாமல் ஓட்டியபோது, ஒரு மணி நேரத்துக்குப் பின் வைத்த அளவைத் தாண்டிச் சூடேறியது. ஒரே பெட்டியில் பார்த்ததால் இது தரவரிசையில் சேர்க்கப்படவில்லை. தொழிலுக்கு வாங்குவோர் கவனிக்கவும்."

எங்கள் எடிட்டருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. பக்கம் அச்சுக்குப் போன வாரம் நான் வெளியூரில் பயிற்சி வகுப்பில் இருந்தேன். கத்தரி தன் வேலையைக் காட்டிவிட்டார். 'சமம்' போச்சு, அரை மணி நேரம் போச்சு, கடைசிப் பத்தி போச்சு. அந்த இடத்தில் தங்கப் பதக்கம் ஒன்று பளபளத்தது. கீழே என் பெயர்.

நான் வீடு திரும்பியபோது சித்தி படிக்கட்டுக்கு அடியில், தன் தேய்ப்பு மேசை முன்னால் நின்றிருந்தாள். குடியிருப்பு முழுக்க அவள்தான் துணி தேய்ப்பது. எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது; அது அந்த மேசையிலிருந்து வந்தது. மேசைமேல் ஒரு வெள்ளைச் சட்டை, முதுகில் பழுப்பாக ஒரு முத்திரை. பக்கத்தில் புத்தம்புதுப் பெட்டி.

"பழசு மக்கர் பண்ணுச்சு. உன் பேரு போட்டு முதலாவதுன்னு வந்திருந்துச்சே, அதான் கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டேன்" என்றாள். "காலையில நல்லாத்தான் ஓடுச்சு. மதியத்துக்கு மேல நிறுத்தாம தேய்ச்சேன், பேய் பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. மேல் வீட்டம்மா இனிமே துணி போட மாட்டேன்னுட்டாங்க."

பெட்டியை எடுத்து எறிந்திருப்பேன். சூடாக இருந்தது.

மறுநாள் கத்தரியின் அறைக்குப் போனேன். "கடைசிப் பத்தி எங்கே சார்?"

"ஒரே ஒரு பெட்டியில பார்த்தது. வரிசையிலயே அவங்க சேர்க்கல. நாம ஏம்மா தூக்கிச் சுமக்கணும்?"

"வரிசையில சேர்க்கலேன்னுதான் தனியா எழுதினாங்க. வேண்டாம்னா எழுதியிருக்கவே மாட்டாங்களே."

"வாசகர் ஜெயிச்சது யாருன்னுதான் பார்ப்பார். நீ கல்யாணப் பத்திரிகையில பொண்ணோட மெடிக்கல் ரிப்போர்ட் வைக்கச் சொல்ற."

"திருத்தம் போடுங்க."

அவர் சிரிக்கவில்லை. ஆய்வகத்திலிருந்தும் அவரைக் காய்ச்சி எடுத்து ஒரு கடிதம் வந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. மாலையில் ஒரு தாளை நீட்டினார். நான் கேட்ட எல்லாமே இருந்தது. முதல் இரண்டும் சமம், அரை மணி நேரம், ஓயாமல் ஓட்டினால் சூடு, ஒரே பெட்டி. ஒரு வரி நான் கேட்காதது: "தொகுத்தவரின் கவனக்குறைவால் இவை விடுபட்டன."

"இது பொய் சார்."

"பத்திரிகை வெட்டிடுச்சுன்னு பத்திரிகையே எழுதுமா? கையெழுத்துப் போட்டா இந்த வாரமே வரும். இல்லேன்னா விட்டுடலாம், எனக்கொண்ணும் இல்ல."

எத்தனை தேய்ப்பு மேசைகளில் அந்தப் பதக்கத்தை நம்பிப் பெட்டி ஏறியிருக்கும் என்று யோசித்தேன். என் பெயரையும் யோசித்தேன். கையெழுத்துப் போட்டேன். பேனாவைக்கூட அவரே கொடுத்தார், மகராசன்.

திருத்தம் வந்த அன்று சித்தி அதை எழுத்தெழுத்தாகப் படித்தாள். பழைய பெட்டியை ரிப்பேர் பார்த்து மறுபடி மேசையில் ஏற்றியிருந்தாள்.

"கவனக்குறைவுன்னு போட்டிருக்கு."

"நான் எழுதினேன் சித்தி. அவங்க வெட்டிட்டாங்க."

"அப்புறம் ஏன் ஒத்துக்கிட்ட?"

"ஒத்துக்கலேன்னா இது வந்தே இருக்காது."

சித்தி ஒரு காலரை நீவினாள். "மேல் வீட்டம்மாவும் படிச்சாங்க. உங்க பொண்ணு எழுதினதுதானான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன். நடந்ததை எல்லாம் படிக்கட்டுல நின்னு விளக்க முடியுமா?"

அடுத்த சட்டையை உதறி விரித்தாள்.

"அடுத்து என்ன சோதிக்கிறாங்க?"

"மிக்சி."

"எது முதலாவதுன்னு எங்கிட்ட சொல்லாத" என்றாள், தலை நிமிராமல்.