கேஸ் இல்லாத வீடு

எண்ணெய்க் கடைக்காரர் வீட்டில் நாலைந்து நாளாகத் தலைவலி குடியிருந்தது. மனைவி எழுந்து நின்றால் கிறுகிறுப்பு. பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றிருந்த மகளுக்கோ குடித்த கஞ்சிகூட வயிற்றில் தங்கவில்லை. பழியெல்லாம் மண்ணெண்ணெய் தலையில் விழுந்தது.

"இந்தப் புகைதாங்க காரணம். பழைய எண்ணெய் விளக்கு இருந்தவரைக்கும் யாருக்காவது தலை வலிச்சுதா?" என்றாள் மனைவி.

"அந்த விளக்குல ஊசியில நூல் கோக்கத் தெரிஞ்சுதா உனக்கு? அதைச் சொல்லு முதல்ல!" கடைக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் திரியைச் சமமாகக் கத்தரித்து, கண்ணாடியைத் துடைத்து வைத்தார். தலைவலி போகவில்லை.

மண்ணெண்ணெயை அவரும் ஒரு காலத்தில் வாய்க்கு வந்தபடி திட்டியவர்தான். விதை எண்ணெய் விற்ற குடும்பம் அது. கெட்டியான அந்த எண்ணெய் திரியில் உயரமாக ஏறாது; சுடருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், யாராவது அடிக்கடி திரியைத் தூண்டிவிட வேண்டும். மண்ணெண்ணெய் அப்படியில்லை. தானாக ஏறியது, மேலே மாட்டிய கண்ணாடிக் கூண்டு காற்றை இழுத்துக் கொடுத்தது, பழைய விளக்கு பத்து சேர்ந்தாலும் வராத வெளிச்சம் ஒன்றிலேயே வந்தது. ரோஷம் சோறு போடாது என்று அவரும் பீப்பாயை உருட்டிக் கடைக்குள் வைத்தார்.

மூச்சு விடுவதற்குள், ஆலையில் நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கேஸ் வந்துவிட்டது. தெருவைத் தோண்டி இரும்புக் குழாய் புதைத்தார்கள், கம்பம் நட்டார்கள், மேலே கல் பரப்பித் தாரும் ஊற்றினார்கள். சாயங்காலமானால் ஒருவன் நீளக் கழியோடு வந்து திருகைத் தள்ளி நெருப்புக் காட்டுவான், தெருவே பளிச்சென்று ஆகும். அந்த வெளிச்சம் கடைக்காரர் கண்ணை உறுத்தியது. "குழாயில வர்ற சமாச்சாரத்துக்கு எதுக்குய்யா கடை?" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டார். போதாக்குறைக்கு அவருடைய மாப்பிள்ளைக்கே கேஸ் கம்பெனியில் குழாய் பூட்டும் வேலை.

அந்த மாப்பிள்ளைதான் அன்று மத்தியானம் பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்க வந்தான். உள்ளறையில் குளிருக்குப் பயந்து ஜன்னலெல்லாம் அடைத்திருந்தது. கட்டிலில் மகளும் கைக்குழந்தையும் தூங்கினார்கள்.

"பாருங்க மாப்பிள்ளை, கன்னம் எப்படிச் சிவந்திருக்கு. உடம்பு தேறிட்டா," என்றார் கடைக்காரர்.

மாப்பிள்ளை அந்தச் சிவப்பைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "அத்தை, வெளியில போனா உங்களுக்குத் தலைவலி எப்படி இருக்கு?"

"சந்தைக்குப் போனா தெளிஞ்சிடுது மாப்பிள்ளை. வீட்டுக்கு வந்தா திரும்பவும் பிடிச்சுக்குது."

"மாமா, உங்களுக்கு?"

"நான் கடை வாசல்லயே உக்காந்திருக்கறவன். எனக்கென்ன?"

"இது கேஸ் மாமா. அந்த விஷம் ஏறினாத்தான் கன்னம் இப்படிச் சிவக்கும்."

கடைக்காரர் சிரித்தே விட்டார். "என் வீட்லயா? ஒரு முழக் குழாய்கூட உள்ள விடலையே நான்! இருந்தா நாத்தம் வராதா?"

"மண்ணு வழியா வந்தா மண்ணே நாத்தத்தைப் பிடிச்சு வச்சுக்கும், விஷம் மட்டும் வந்து சேரும். மிச்சம் இருக்கற நாத்தமும் உங்க மண்ணெண்ணெய் வாசனையில தெரியாது."

"காட்டறேன் வாங்க!" என்று எரிகிற விளக்கோடு சரக்கறைக்குள் போனார் கடைக்காரர். அங்கே பலகைத் தரை, அடியில் வெற்றிடம். குனிந்து ஒரு பலகையை நெம்பப் போனவரின் மணிக்கட்டை மாப்பிள்ளை பிடித்தான். மாமனார் கையை அவன் அப்படிப் பிடித்ததே இல்லை.

"அசையாதீங்க. அடியில நிறைஞ்சிருந்தா, பலகையைத் தூக்கின உடனே விளக்குல பட்டு வெடிக்கும். சுத்தி பூரா பீப்பாய்."

விளக்கை வாங்கி, ஆடாமல் அசையாமல் வாசலுக்குக் கொண்டு போய்த் திரியை இறக்கி ஊதி அணைத்தான். திரும்பி வந்து உள்ளறை ஜன்னல்களைத் திறந்தான். பெண்டாட்டியைத் தட்டினான், கூப்பிட்டான், உலுக்கினான். அவள் கண் திறக்கவில்லை.

கடைக்காரர் கட்டிலின் மறுமுனையைப் பிடித்தார். கட்டிலோடு அவளையும் குழந்தையையும் தூக்கித் தெருவில் வைத்தார்கள். காற்றுப் பட்டதும் குழந்தை சிணுங்கியது. மகள் சிணுங்கவும் இல்லை. நெஞ்சு மட்டும் லேசாக ஏறி இறங்கியது.

மாப்பிள்ளை பக்கத்து வீட்டுத் தையல்காரரின் கதவைத் தட்டினான். "அடுப்பை அணைச்சிட்டு எல்லாரும் வெளிய வாங்க!" அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் தரைக்கு அடியில் ஒரே வெற்றிடம். அவர் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி மூட்டியிருந்தார். கூடவே படுத்த படுக்கையாக அவருடைய அம்மா. அவளைத் தூக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல ஆலையில அழுத்தத்தை ஏத்திடுவாங்க மாமா. தெருவிளக்கு ஏத்தற நேரம். ஏத்தினா கசிவும் ஏறும். அதுக்குள்ள ஓட்டையைக் கண்டுபிடிக்கணும்." கடப்பாரையை வாங்கி, தெரு முனையிலிருந்து பெரிய குழாய் போகும் தடத்திலேயே தரையில் வரிசையாகத் துளை போட்டான். ஒவ்வொரு துளையிலும் மண்டியிட்டு மோந்து பார்த்தான். "கம்பத்தை ஏதாவது இடிச்சுதா மாமா? வண்டி, கிண்டி?"

"இல்லையே," என்றார் கடைக்காரர்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. இடித்தது அவருடைய வண்டிதான். போன வாரம் பீப்பாய் ஏற்றி வந்த வண்டி பின்னால் சரிந்து, வீட்டு வாசல் கம்பம் சாய்ந்தது. அவரும் வண்டிக்காரனும் அதை நிமிர்த்தி, பெயர்ந்த கல்லை அடுக்கி, தாரைக் காய்ச்சி ஊற்றி, கம்பெனிக்காரன் கண்ணில் படாமல் பூசி மெழுகினார்கள். அன்றிலிருந்து அந்த விளக்குச் சுடர் குட்டையாகிப் போனதைப் பார்த்து அவர் உள்ளுக்குள் குதூகலித்தார். பாவி மனுஷன், அந்த வெளிச்சம் எங்கே போகிறது என்று ஒரு தடவை யோசித்திருக்கலாம்.

அடுத்த துளை. அதற்கடுத்த துளை. மாப்பிள்ளை வெகு தூரத்தில் இருந்தான். மகளின் உதட்டருகே விரலை வைத்துப் பார்த்தார் கடைக்காரர். விரலில் படுவது மூச்சா, தெருக் காற்றா, தெரியவில்லை. தையல்காரர் வீட்டுக்குள்ளிருந்து கட்டில் இழுபடும் சத்தம் வந்தது. தெருக்கோடியில் விளக்கேற்றும் கழிக்காரன் தலை தெரிந்தது.

"மாப்பிள்ளை!" கத்தினார். "இங்க வாங்க! இந்தக் கம்பம்தான்! என் வண்டிதான் இடிச்சுது! நான்தான் மூடினேன்!"

மாப்பிள்ளை ஓடி வந்தான். கம்பத்தடியில் கடப்பாரையை இறக்கினான். தார் பெயர்ந்ததுமே மூக்கைப் பிடிக்கும் நாற்றம் எழுந்தது. "விளக்கேத்தாதே! தள்ளியே நில்லு!" என்று கழிக்காரனை விரட்டினான். கம்பத்தின் அடியில், கிளைக்குழாய் மேலே திரும்பும் மூட்டு விரிந்திருந்தது. முகத்தைத் திருப்பி மூச்சு வாங்கிக்கொண்டு, களிமண்ணைக் குழைத்து அப்பி, ஈரத்துணியை இறுக்கிச் சுற்றினான். அதற்குள் தையல்காரர் அம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

மாப்பிள்ளை குழியிலிருந்து எழுந்தான். "இடிச்சதுகூடப் பரவாயில்ல மாமா. திறந்தே விட்டிருந்தா காத்தோட போயிருக்கும், யாராவது மோப்பம் பிடிச்சிருப்பாங்க. மேல வழி இல்லாமத்தான் அது உங்க வீட்டைத் தேடி வந்துச்சு."

கடைக்காரர் திரும்பி மகளின் கட்டிலருகே போய் உட்கார்ந்தார்.

இருட்டும் நேரத்தில் மகள் கண் விழித்தாள். வாந்தி எடுத்தாள். பிறகு சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தாள். "என்ன ஆச்சு? ஏன் தெருவுல கிடக்கறேன்?"

மாப்பிள்ளை மாமனாரை மட்டும் பார்த்தான்.

"நான்தாம்மா," என்றார் கடைக்காரர். வண்டி, கம்பம், தார் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டபோது இல்லை என்றதையும் சொன்னார்.

சொல்லி முடித்துப் பேரனின் தலையைத் தொடக் கையை நீட்டினார். மகள் குழந்தையை எடுத்து அந்தப் பக்கம், தன் புருஷன் ஓரமாக மாற்றிப் படுக்க வைத்தாள்.