மூன்று கடைக்கும் ஒரே அக்கா

கடை திறந்த அரை மணி நேரத்துக்குள் அக்காவின் போன் ஏழு முறையாவது அடித்துவிடும். ஏழுக்கும் கேள்வி ஒன்றுதான்: இன்ன டைல்ஸ் எந்தக் கடையில் எத்தனை பெட்டி?

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. தம்பிகள் இருவருக்கும் அக்கா என்பதால் கடைக்கு வருகிற மேஸ்திரிகளுக்கும் அக்கா, வேன் டிரைவருக்கும் அக்கா. பெரிய தம்பி முதல் கடையைப் பார்த்துக்கொண்டான், சின்ன தம்பி இரண்டாவதை. மூன்றாவதில் சம்பளத்துக்கு ஒரு மேனேஜர். அக்காவின் இடம் முதல் கடையின் பின்னறை. ஒரு பக்கம் சாம்பிள் ரேக், மறுபக்கம் கழிவறைக் கதவு, நடுவில் ஒரு கம்ப்யூட்டர்.

அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த கணக்கு சாஃப்ட்வேர் ஒரே கடையாக இருந்த காலத்தில் தங்கம். பில் போடும், வரி காட்டும், யார் பாக்கி என்று சொல்லும். கடை மூன்றானபோது தம்பிகள் அதையே மூன்று கம்ப்யூட்டரில் போட்டார்கள். ஒன்றுக்கு மற்றொன்று இருப்பதே தெரியாது. தினமும் சாயங்காலம் மற்ற இரண்டு கடைகளிலிருந்தும் கோப்பு வரும். அக்கா மூன்றையும் ஒன்றாகச் சேர்ப்பாள். ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் போன சரக்கை அங்கே விற்றதாகவும் இங்கே வாங்கியதாகவும் எழுதியிருப்பார்கள். அதை இரண்டு பக்கமும் தேடிக் கழிக்காவிட்டால், சொந்தச் சரக்கைத் தங்களுக்கே விற்று வியாபாரம் ஓகோவென்று நடப்பதாகக் கணக்கு பொய் சொல்லும். பதினோரு வருடமாகக் கழித்துக்கொண்டிருந்தாள். கண்ணும் போயிற்று, கழுத்தும் போயிற்று.

கோப்பில் ஏறாதது அவள் தலையில் இருந்தது. ஒரே பெயர், ஒரே அளவுள்ள டைல்ஸானாலும் சூளையில் ஒரே தடவையாகச் சுட்டெடுக்கிற ஒவ்வொரு லாட்டுக்கும் நிறம் ஒரு நூல் மாறும். பெட்டியில் லாட் நம்பர் இருக்கும். அவர்கள் கணக்கில் அதைப் போடுகிற பழக்கமே இல்லை. அதனால்தான் எல்லோரும் அக்காவுக்குப் போன் போட்டார்கள்.

இப்போது அவளுக்கு மகளின் ஊருக்குப் போய் மூன்று மாதம் இருக்க வேண்டியிருந்தது. மகளுக்கு இரண்டு மாதத்தில் பிரசவம். மருமகனுக்குப் பாதி நாள் வெளியூர் வேலை, பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை.

"மூணு மாசமா?" என்றான் பெரிய தம்பி. "மூணு நாள்னாலே நாறிடுமேக்கா."

"அதுக்குத்தான் மூணு கடையையும் ஒண்ணா இணைக்கிற அந்த ஈஆர்பி சாஃப்ட்வேர் ஆளைக் கூப்பிடுன்னு ரெண்டு வருஷமா சொல்றேன்."

"அது பெரிய கம்பெனிக்காரன் சமாச்சாரம். நமக்கு எதுக்கு யானை?"

அடுத்த வாரம் ஒரு பல் டாக்டர் புகாரோடு வந்தார். புது கிளினிக்குக்கு முப்பது பெட்டி வாங்கியிருந்தார். பதினெட்டு போய்ச் சேர்ந்து, பன்னிரண்டு முதல் கடையில் அவருக்காக எடுத்து வைத்திருந்தது. மீதியை எடுக்க அவருடைய மேஸ்திரி வந்த அன்று அக்கா, ஸ்கேன் முடிவு கேட்க மகளுடன் வீடியோவில் பேசிக்கொண்டிருந்ததால் கடைப் போனை எடுக்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் சின்ன தம்பியின் வேன் வந்து, டாக்டருக்கு வைத்ததில் பத்துப் பெட்டியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோயிற்று. சீட்டு சாயங்காலம்தான் கணக்கில் ஏறும். மேஸ்திரி வந்து கேட்டபோது பெரிய தம்பி கம்ப்யூட்டரைப் பார்த்தான். இருபத்தாறு பெட்டி என்றது. இருந்ததில் பன்னிரண்டைத் தூக்கிக் கொடுத்தான். அதில் பத்து வேறு லாட்.

டாக்டர் கைக்கு ஒன்றாக இரண்டு டைல்ஸைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "நான் பல்லுக்கே நிறம் பார்த்து வைக்கிற ஆளு சார். என் கிளினிக் தரையில ரெண்டு வெள்ளையா?"

பெயர்த்துத் திரும்பப் போட்டுக் கொடுத்தார்கள். கூலியும் சரக்கும் கடையின் தலையில். மறுநாள் பெரிய தம்பியே ஈஆர்பி ஆளைக் கூப்பிட்டான்.

வந்தவர் களைத்த முகமுள்ள மனிதர். பழைய சாஃப்ட்வேரைக் குறை சொல்லவே இல்லை. "ஒரு கடைக்கு அது போதும். உங்க பிரச்சினை கணக்கு இல்லை. நடந்து முடிஞ்சதைத்தான் அதுல எழுதுறீங்க. இதுல மூணு கடையும் ஒரே இடத்துல எழுதுது. டாக்டருக்குன்னு ஒதுக்கினா ஒதுக்கினதுதான், இன்னொருத்தர் பில் போட்டா தடுக்கும். கடை விட்டுக் கடை போற சரக்கு விற்பனையா ஏறாது, வழியில இருக்குன்னே காட்டும். அந்தப் பக்கம் வாங்கிக்கிட்டேன்னு போட்டாத்தான் அங்க சேரும்."

"என் கடைச் சரக்கு எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டான் சின்ன தம்பி. அதுதான் அவன் கவலை. வேகமாகப் போகிற டைல்ஸை மறைத்து வைப்பதில் அவன் கெட்டிக்காரன்.

"தெரியும் சார். அப்புறம், நீங்க ஒழுங்கா போட்டாத்தான் இதுவும் ஒழுங்கு. குப்பையைப் போட்டா மூணு கடையிலும் ஒரே நேரத்துல குப்பை தெரியும்."

அது உடனே நடந்தது. புது சிஸ்டத்தில் ஏற்றுவதற்காக இருப்பு எண்ணிய நாளில் மூன்றாவது கடை மேனேஜர் அலுப்புப் பட்டுக்கொண்டு எல்லா லாட்டுக்கும் ஒரே நம்பரைத் தட்டிவிட்டார். அக்கா பட்டியலைப் பார்த்ததும் பஸ் ஏறிப் போனாள். குடோனில் தரையில் உட்கார்ந்து அறுநூறு பெட்டியைத் திரும்ப எண்ண வைத்தாள். முட்டி இரண்டும் மரத்துப்போயிற்று. யாரும் இதைச் செய்யச் சொல்லவில்லை, செய்யாவிட்டால் தன்னால் போக முடியாது என்பதுதான் காரணம்.

ஏழு வாரம் ஆயிற்று. புதிது ஓடத் தொடங்கிய முதல் சில நாட்கள் மூன்று கடையிலும் அவளைத் திட்டினார்கள். சரக்கு வந்ததாகப் பதியாமல் பில் போடவிடாது என்று மேனேஜர் புலம்பினார். அப்புறம் புலம்பல் நின்றது. அவள் கிளம்பினாள்.

குழந்தை பிறந்து பதினாறாம் நாள். பேத்தியைக் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து கடை விஷயமாக ஒரு போன் கூட இல்லை. முதல் வாரம் அது சொர்க்கமாக இருந்தது. இரண்டாம் வாரம் போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள், தன்மேல் அவளுக்கே எரிச்சலாக வந்தது.

அன்று பெரிய தம்பி கூப்பிட்டான். "குட்டி நல்லா இருக்காளாக்கா?"

"இருக்கா. கடை எப்படி?"

"அது பாட்டுக்கு ஓடுது. ஒண்ணு கேக்கணும். அந்த சிஸ்டத்துக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு மாசாமாசம் கட்டணும்ல. நீ உள்ளேயே வர்றதில்லை. உன் பேரை எடுத்துட்டா அது மிச்சம்னு சின்னவன் சொல்றான். எடுத்துடட்டுமா?"

"எவ்வளவு?"

அவன் சொன்னான். நல்ல தொகைதான். பதினோரு வருடத்தில் யாரும் அவளுக்கு ஒரு தொகை சொன்னதில்லை. நம்ம கடைதானே, எனக்கெதுக்குச் சம்பளம் என்று முதல் மாதம் அவளே சொன்னாள். இரண்டாம் மாதம் யாரும் கேட்கவில்லை. அழுகை வருமோ என்று பார்த்தாள், வரவில்லை. அசதிதான் வந்தது.

"எடுத்துடு," என்றாள். "நான் திரும்ப வந்தா மறுபடி போடுங்க. அன்னைக்கு அந்தத் தொகையோட என் சம்பளத்தையும் சேர்த்துப் போடணும்."

"என்னக்கா இது, நமக்குள்ள போய்…"

"நமக்குள்ளதான்டா. எவ்வளவுன்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. அதுக்கப்புறம் வரலாமா வேண்டாமான்னு நான் சொல்றேன்."

குழந்தை குளிரில் சிணுங்கியது. அவள் போனை வைத்துவிட்டுத் துண்டை இழுத்துப் போர்த்தினாள்.