இரண்டு ஃபில்டரும் ஒரு நெயில்பாலிஷ் கோடும்

தனப்பிரியாவுக்குச் சந்தேகம் என்பது காலைக் காபி மாதிரி. அது இல்லாமல் அவளுக்கு வேலை ஓடாது. அதிலும் கடந்த ஒரு வருடமாக அவள் சந்தேகப்படாத ஆளே புதுச்சத்திரம் வட்டாரத்தில் பாக்கியில்லை.

காரணம் இருந்தது. ‘ரெண்டுல ஒண்ணு’ என்று ஒரு இணையப் பக்கம் நடத்துகிறாள். விவசாயிகள் வாங்குகிற பொருட்களில் இரண்டிரண்டாக எடுத்து, வைத்துப் பார்த்து, யாருக்கு எது சரிப்படும் என்று எழுதுவாள். போன வருடம் இரண்டு களையெடுக்கும் மெஷின்களை ஒப்பிட்டு எழுதியபோது, அதில் ஒன்று கடைக்காரர் சும்மா ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது என்பதைச் சொல்ல மறந்துவிட்டாள். மறந்தது என்னவோ நிஜம். ஆனால் நானூறு பேர் கீழே வந்து, “எவ்வளவு வாங்குனீங்க?” என்று கேட்டால் அதற்கு என்ன பதில் சொல்வது? அழுதாள். அப்புறம் ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்: எதையும் சும்மா வாங்குவதில்லை, எவர் சொல்லையும் நம்புவதில்லை. இன்னொரு முறை தவறு நடந்தால் பக்கத்தை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

இந்த முறை சொட்டுநீருக்கான ஃபில்டர். ஸ்கிரீனா, டிஸ்க்கா? ஸ்கிரீன் ஃபில்டருக்குள் எவர்சில்வர் வலையால் ஆன ஒரு குழாய் இருக்கும். டிஸ்க்கில் கோடு கோடாக வரி ஓடிய பிளாஸ்டிக் வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். இரண்டுமே ஒரே அளவு தூசியைத்தான் பிடிக்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. தம்மம்பட்டியில் பாக்குத் தோப்பு வைத்திருக்கும் வெங்கடாசலம் என்பவர் மூன்று முறை குரல் பதிவு அனுப்பிவிட்டார். “நீங்க எதைச் சொல்றீங்களோ அதத்தாம்மா வாங்கப் போறேன். குழாயெல்லாம் வந்து எறங்கிடுச்சு. சீக்கிரம் போடுங்க.”

தப்பாகச் சொன்னால் அந்த மனுஷனின் குழாய்களில் தண்ணீர் சொட்டுகிற துளைகள் அடைத்துக்கொள்ளும். பாக்கு காயும்.

ஆகவே இரண்டு ஃபில்டரையும் இரண்டு வெவ்வேறு கடைகளில், பெயரைச் சொல்லாமல், சொந்தக் காசில் வாங்கினாள். தூரத்துச் சொந்தமான கந்தப்பன் மாமாவின் மஞ்சள் காட்டில் மாட்டினாள். அங்கே ஆழ்துளைப் போரில் வரும் தண்ணீரைக் கிணற்றில் விட்டு, கிணற்றிலிருந்துதான் காட்டுக்குப் பாய்ச்சுவார்கள். அதனால் கொஞ்சம் மணல் வரும், பாசி நிறைய வரும். ஒரே பைப்பிலிருந்து இரண்டு கிளை பிரித்து, ஒவ்வொரு கிளையிலும் ஒரு ஃபில்டர், காட்டில் சரிபாதி. ஃபில்டருக்கு முன்னால் ஒரு பிரஷர் மீட்டர், பின்னால் ஒன்று. அழுக்கு சேரச் சேர இரண்டு முட்களுக்கும் நடுவில் வித்தியாசம் ஏறும். அந்த வித்தியாசம் அரைக் கிலோ அழுத்தம் ஆனால் கழுவ வேண்டும், அதற்கு முன் தொடக்கூடாது. தினமும் காலை ஏழு மணிக்கு மாமா நான்கு மீட்டரையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்.

இருபது நாள் படம் வந்தது. டிஸ்க் மூன்று முறை அரைக் கிலோவைத் தொட்டது. மூன்று முறையும் மாமாவே உட்கார்ந்து கழுவினார். ஸ்கிரீன் ஒரு நாள்கூடக் கால் கிலோவைத் தாண்டவில்லை.

‘ஸ்கிரீனே போதும்’ என்று கட்டுரை எழுதி முடித்துவிட்டாள். ஆனால் விரல் பட்டனுக்குப் போகவில்லை. பாசித் தண்ணீரில் வலைதான் முதலில் அடைக்கும். பாசி வழவழவென்று வலைமேல் தோல் மாதிரி படியும், அழுத்தம் கூடினால் இழையாகி உள்ளேயும் நழுவும். வில்லைகளோ வரிக்கு வரி அழுக்கைப் பிடித்துவைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது.

டிஸ்க்கை வாங்கிய கடைக்காரர் ஜெகதீஸ்வரனுக்குப் போன் போட்டு, பேரைச் சொல்லாமல் விசாரித்தாள். அவர் சிரித்தார். “ஏனுங்க, கெணத்துத் தண்ணியில ஸ்கிரீன் இருபது நாளு கழுவாம ஓடுச்சா? யாரோ உங்குளுக்கு நல்லா காது குத்தறாங்க.”

அவர் சொன்னதையும் அவள் நம்பவில்லை. டிஸ்க் விலை கூடுதல், விற்கிறவன் அப்படித்தான் பேசுவான். முதலில் மீட்டர்களைச் சந்தேகித்தாள். செவ்வாய்க்கிழமை காட்டுக்குப் போய், இந்தப் பக்கத்து மீட்டர்களை அந்தப் பக்கம் மாற்றி மாட்டிப் பார்த்தாள். முட்கள் பொய் சொல்லவில்லை.

திரும்பும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மாமா வீட்டு வாசலில் ஒரு மினி வேன். அதன் கதவில் அந்த ஸ்கிரீன் கம்பெனியின் பெயர். விசாரித்தால், மாமாவின் மருமகன் காளிதாஸ் போன மாதம்தான் அந்தக் கம்பெனிக்கு ஏஜென்சி எடுத்திருக்கிறானாம். மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவளுக்குக் காது சூடாகிவிட்டது. வண்டியைத் திருப்பிக் காட்டுக்கே போனாள். கைப்பையிலிருந்த சிவப்பு நெயில்பாலிஷை எடுத்து, ஸ்கிரீன் ஃபில்டரின் மூடியும் கிளாம்பும் சேருகிற இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு வந்தாள்; யாராவது திறந்தால் கோடு உடையும்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வழக்கம்போலப் படம் வந்தது. ஸ்கிரீன் பக்கத்து முட்கள் ஒட்டியேதான் இருந்தன. மத்தியானம் போய்ப் பார்த்தாள். கோட்டைக் காணோம். உடைந்திருந்தால்கூடப் பரவாயில்லை, சுரண்டித் தேய்த்து அடையாளமே இல்லாமல் துடைத்திருந்தார்கள்.

மாமா கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, காளிதாஸ் அண்ணன் ஏஜென்சி எடுத்தத ஏன் சொல்லல?”

“நீ கேக்கலையே அம்மணி.”

“ஸ்கிரீனத் தெனமும் யாரோ கழட்டிக் கழுவறாங்க. உங்களுக்குத் தெரியாம நடக்குமா?”

கடலை உரிப்பது நின்றது. “ஏனம்மணி, எம்மேலயே சந்தேகமா? உங்கொப்பன் கேட்டுக்கிட்டான்னு காட்டையே உட்டுக் குடுத்தேன். தெனமும் பல்லு வெளக்கறதுக்கு முன்ன உனக்கு போட்டோப் புடிக்கறேன். நான் திருடனா?” அவர் எழுந்தே விட்டார். “நாளைக்கி வெடியறதுக்குள்ள வந்து நீயே பாரு. எவன் கழட்டறான்னு பாத்துட்டு எங்கிட்டப் பேசு.”

சாயங்காலமே அப்பாவுக்கு மாமாவிடமிருந்து போன் வந்தது. அம்மா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும், ‘திருடன்கூட இப்படித்தானே கோபப்படுவான்’ என்று ஒரு ஓரத்தில் தோன்றிக்கொண்டே இருந்தது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வியாழக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் நின்றாள். மாமா வரவில்லை, காளிதாஸும் வரவில்லை. கையில் ஒரு பிடி தேங்காய் நாரோடு பாவாயி வந்தாள். அந்தக் காட்டுக்குத் தண்ணி பாய்ச்சுவது அவள்தான். முப்பது வயசு இருக்கும். வேகமான கை. கிளாம்பைத் தட்டினாள், மூடியைத் தூக்கினாள், வலையை உருவி வாளித் தண்ணீரில் முக்கி நாரால் நான்கு தேய்ப்பு தேய்த்து, திரும்ப உள்ளே விட்டுப் பூட்டிவிட்டாள். மூன்று நிமிஷம் ஆகவில்லை. டிஸ்க் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

“பாவாயி!”

பாவாயி நாரைக் கீழே போட்டுவிட்டாள்.

“யாரு உன்னக் கழுவச் சொன்னது? காளிதாஸ் அண்ணனா?”

“அவரு இல்லீங்க. ஆரும் சொல்லலீங்க.”

“பின்ன எதுக்குத் தெனமும் கழுவற?”

பாவாயி சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கினாள். “நீங்க கம்பெனிக்காரங்களாட்டம் வந்து மீட்டரு மாட்டிட்டுப் போனீங்க. அன்னீல இருந்து மொதலாளி தெனமும் காலையில வந்து போட்டோப் புடிக்கறாரு. ரெண்டு முள்ளும் ஒட்டி இருந்தா நல்லது, தள்ளிப் போச்சுன்னா கெட்டதுன்னு போன்ல பேசுனாரு. நான் ஒழுங்கா வேல செய்யறனான்னு பாக்கறதுக்குத்தான் மாட்டுனீங்கன்னு நெனச்சேனுங்க. பக்கத்துக் காட்டுல இப்பிடித்தான் மிஷினு வெச்சாங்க, அடுத்த மாசம் செல்வியை நிறுத்திட்டாங்க.”

தனப்பிரியா அந்தப் பக்கம் கை காட்டினாள்.

“அப்ப அந்த டிஸ்க்?”

“அத ஒருக்கா கழட்டுனேனுங்க. வில்லையெல்லாம் மடியில கொட்டிப் போச்சு. திருப்பிக் கோத்து முடிக்கறதுக்குள்ள உசுரு போயிருச்சு. அப்பறம் தொடல. அந்த முள்ளு தள்ளிப் போறப்பெல்லாம் எனக்குச் சோறு எறங்காதுங்க.” ஸ்கிரீன் மூடியைக் காட்டி, “நேத்து இதுமேல செவப்பா என்னமோ ஒட்டியிருந்துச்சு. அழுக்குன்னு சொல்லுவீங்களேன்னு அதையுஞ் சொரண்டி உட்டுட்டேன்” என்றாள்.

இருபத்திரண்டு நாட்களாகத் தனப்பிரியா உலகத்தையே சந்தேகித்துக்கொண்டிருக்க, இங்கே ஒருத்தி அவளைச் சந்தேகித்துக்கொண்டு நாரும் கையுமாக நின்றிருக்கிறாள். தொடக்கூடாது என்ற சட்டத்தை மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் மூன்று பத்தி எழுதியவள், தண்ணி கட்டுகிறவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெயர் தெரியும், முகம் தெரியும், அவளிடம் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஏழு மணிக்கு மாமா செல்போனோடு வந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார், “திருடனப் புடிச்சியா?”

பாவாயி கீழே கிடந்த நாரை எடுத்து மறைத்தாள்.

“புடிச்சேன் மாமா, நாந்தான். கழுவக் கூடாதுன்னு பாவாயிகிட்ட நான் சொல்லவே இல்ல. அவ அவ வேலயச் சரியாத்தான் செஞ்சிருக்கா. உங்களயும் தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சுக்கோங்க.”

மாமா ‘ம்’ என்றார். மன்னித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. படம் எடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எழுதிய கட்டுரையை அங்கேயே அழித்தாள். டிஸ்க் வில்லைகளை, அவை கோத்திருக்கும் தண்டிலிருந்து விழாமல் தளர்த்திக் கழுவுவது எப்படி என்று பாவாயிக்குக் காட்டினாள். மூன்றாவது தடவை பாவாயி அவளைவிட வேகமாகச் செய்தாள். சோதனை முதலிலிருந்து ஆரம்பித்தது. இந்த முறை முள்ளைப் பார்த்துக் குறித்து வைத்தவள் பாவாயி. ஸ்கிரீன் இரண்டு நாளைக்கு ஒருமுறை அரைக் கிலோவைத் தொட்டது, டிஸ்க் ஆறு நாளைக்கு ஒருமுறை. ஆனால் ஸ்கிரீனைக் கழுவ மூன்று நிமிஷம், டிஸ்க்குக்குப் பழகிய கையே பதினைந்து நிமிஷம் எடுத்தது.

கட்டுரையில் எல்லாம் எழுதினாள். இந்தக் காட்டுக்காரரின் மருமகன் ஸ்கிரீன் ஃபில்டர் விற்கிறார் என்பதை முதல் வரியில் போட்டாள். முதல் சோதனை எப்படி வீணானது, யாருடைய தவறு என்பதையும் மறைக்கவில்லை. போர் தண்ணீரை நேராக விடுகிறவர்களுக்கு ஸ்கிரீன் போதும். கிணற்றுப் பாசி இருந்தால் டிஸ்க். தண்ணீர் பச்சையாகவே இருந்தால் இரண்டும் போதாது, முன்னால் மணல் ஃபில்டர் ஒன்று வேண்டும்.

வெங்கடாசலத்துக்கு அவளே போன் போட்டாள். “உங்க தோப்புல கெணத்துத் தண்ணிதானுங்களே?”

“ஆமாம்மா. அப்ப டிஸ்க்குதானே? நாளைக்கே வாங்கிடுறேன்.”

“இருங்க. உங்க தோப்புல ஃபில்டரைக் கழுவறது யாருங்க?”

“எங்க தோப்புல தண்ணி கட்டுற அம்மாதான். ஏன்?”

“அவங்ககிட்டப் போனைக் குடுங்க” என்றாள்.